வழக்கறிஞரிடம் சொன்னது வெளியே போகுமா? சட்டம் போடும் பூட்டும் அது திறக்கும் இடங்களும்

லகாட், பாப்பான், பூசிங், பத்து காஜா வட்டாரத்தில் இருந்து நிலம், வாரிசுரிமை, போலீஸ் புகார் என்று ஈப்போவிலுள்ள வழக்கறிஞர் அலுவலகங்களுக்குப் போகும் நம் மக்களில் பலர் பாதி விஷயத்தைச் சொல்லாமலேயே திரும்பி விடுகிறார்கள். "எல்லாத்தையும் சொன்னா நாளைக்கு அவரே கோர்ட்டுல நமக்கு எதிரா சொல்லிட்டா?" என்ற பயம்தான் காரணம். வேறு சிலர் நேர்மாறாக இருக்கிறார்கள். வழக்கறிஞரிடம் எதைச் சொன்னாலும், எதைக் கொடுத்து வைத்தாலும் யாரும் தொட முடியாது என்று நினைக்கிறார்கள். இரண்டுமே தவறு. சட்டம் இந்தப் பேச்சுக்கு ஒரு பூட்டுப் போடுகிறது. அந்தப் பூட்டு எதை மூடும், எதை மூடாது என்பதும் அதே சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

126ஆம் பிரிவு என்ன சொல்கிறது?

மலேசியாவில் இதற்கு அடிப்படை 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 126ஆம் பிரிவு. ஒரு வழக்கறிஞர், தம்மிடம் வந்தவரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் மூன்று விஷயங்களை எப்போதும் வெளியிடக் கூடாது என்று அது கூறுகிறது. முதலாவது, வழக்கறிஞர் என்ற முறையில் தம்மிடம் சொல்லப்பட்ட பேச்சு. இரண்டாவது, அந்த வேலையின்போது தாம் பார்த்த ஆவணத்தில் இருந்த விவரம். மூன்றாவது, தாம் கொடுத்த ஆலோசனை. வழக்கு முடிந்து, பணம் கட்டி, கோப்பை மூடிய பிறகும் இந்தக் கடமை தொடரும். நீங்கள் வேறு வழக்கறிஞரிடம் மாறிப் போனாலும் பழையவர் வாய் திறக்க முடியாது.

இதில் கவனிக்க வேண்டியது, பூட்டின் சாவி வழக்கறிஞரிடம் இல்லை என்பதுதான். சாவி உங்களிடம் இருக்கிறது. அவராகப் பெருந்தன்மையோடு "நான் சொல்லி விடுகிறேன்" என்று நீதிமன்றத்தில் சொல்ல முடியாது. நீங்கள் சம்மதித்தால் மட்டுமே பூட்டு திறக்கும்.

இந்தச் சட்டத்தின் வேர் 1872ஆம் ஆண்டு இந்திய சாட்சியச் சட்டத்தில் இருக்கிறது. ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன் எழுதிய அந்தச் சட்டத்தின் 126ஆம் பிரிவுதான் அதே எண்ணோடு நம் நாட்டிலும் நிற்கிறது. பிரிவின் அடியில் மூன்று சிறு உதாரணங்கள் கொடுக்கப்பட்டுள்ளன. முழுச் சட்டத்தையும் படிக்க முடியாதவர்கள் இந்த மூன்றைப் புரிந்து கொண்டாலே போதும்.

மூன்று உதாரணங்கள்

முதல் உதாரணத்தில் ஒருவர் வழக்கறிஞரிடம் வந்து, "நான் கள்ளக் கையெழுத்துப் போட்டு விட்டேன், எனக்காக வாதாடுங்கள்" என்கிறார். இது பூட்டுக்குள் இருக்கும். குற்றம் செய்தவர் என்று தெரிந்தவருக்காக வாதாடுவது குற்றச் செயல் அல்ல என்று சட்டமே காரணம் சொல்கிறது. நடந்து முடிந்த தவற்றை ஒப்புக் கொண்டு உதவி கேட்பவருக்குப் பாதுகாப்பு உண்டு.

இரண்டாவது உதாரணத்தில் ஒருவர், "என்னிடம் ஒரு போலிப் பத்திரம் இருக்கிறது, இதை வைத்து அந்தச் சொத்தை எனக்கு வாங்கித் தர வழக்குப் போடுங்கள்" என்கிறார். இது பூட்டுக்குள் வராது. இவர் பழைய குற்றத்துக்குத் தற்காப்புக் கேட்கவில்லை, இனிமேல் செய்யப் போகும் குற்றத்துக்கு வழக்கறிஞரைக் கருவியாகப் பயன்படுத்தப் பார்க்கிறார்.

மூன்றாவது உதாரணம் நுட்பமானது. பணம் கையாடியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் வழக்கறிஞரை வைக்கிறார். வழக்கு நடந்து கொண்டிருக்கும்போது, அவருடைய கணக்குப் புத்தகத்தில் ஒரு புதுப் பதிவு இருப்பதை வழக்கறிஞர் பார்க்கிறார். கையாடியதாகச் சொல்லப்படும் தொகை அவர் பெயரிலேயே பற்று எழுதப்பட்டிருக்கிறது. வேலையை ஏற்றுக் கொண்ட நாளில் அந்த வரி புத்தகத்தில் இல்லை. தாம் வேலையைத் தொடங்கிய பிறகு செய்யப்பட்ட மோசடி என்பதால், வழக்கறிஞர் கண்ணால் பார்த்த அந்த உண்மைக்குப் பாதுகாப்பு இல்லை.

இந்த மூன்றுக்கும் நடுவில் ஓடும் கோடு காலக்கோடு. செய்து விட்டதைச் சொல்வது ஒன்று. செய்யப் போவதற்கு உதவி கேட்பது வேறு. அந்தக் கோட்டின் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தே பூட்டு மூடியிருக்கும் அல்லது திறந்து கொள்ளும்.

1884இல் இங்கிலாந்தில் நடந்தது

இந்தக் கோட்டை உலகுக்குத் தெளிவாக்கிய வழக்கு 1884இல் இங்கிலாந்தில் தீர்ப்பளிக்கப்பட்டது. காக்ஸ், ரெயில்டன் என்ற இருவரும் தொழில் பங்காளிகள். ரெயில்டன் மீது ஒருவர் அவதூறு வழக்குப் போட்டு வென்று விட்டார். சொத்தை ஜப்தி செய்ய வருவார்கள் என்ற நிலையில், இருவரும் ஒரு வழக்கறிஞரிடம் போய், ஜப்தியைத் தடுக்க வழி உண்டா, ரெயில்டன் தம் உடைமைகளைக் காக்ஸ் பெயருக்கு எழுதிக் கொடுக்கலாமா என்று கேட்டார்கள். நீங்கள் இருவரும் பங்காளிகளாக இருக்கும்போது அப்படிச் செய்ய முடியாது என்றார் வழக்கறிஞர். உங்கள் கூட்டு ஒப்பந்தம் பற்றி வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டார்கள். எனக்கும் என் அலுவலக எழுத்தருக்கும் தவிர யாருக்கும் தெரியாது என்றார் அவர்.

பிறகு பார்த்தால், கூட்டு முன்பே கலைந்து விட்டது போல முன்தேதியிட்ட ஒரு குறிப்பு ஒப்பந்தத்தில் ஏறியிருந்தது. உடைமைகள் காக்ஸ் பெயருக்கு மாறியிருந்தன. மோசடிக் குற்றச்சாட்டு வந்தபோது, அந்த வழக்கறிஞர் சாட்சி சொல்லலாமா என்பதே கேள்வியானது. சொல்லலாம் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கறிஞருக்கு அவர்களின் உள்நோக்கம் தெரியாது, அவர் குற்றத்துக்கு உடந்தையும் இல்லை. ஆனாலும் அவர்கள் ஆலோசனை கேட்டதே மோசடிக்காக என்பதால் பூட்டு விழவே இல்லை. வழக்கறிஞர் நல்லவரா இல்லையா என்பது இங்கே பிரச்சினை இல்லை, அவரிடம் போனவரின் நோக்கம் என்ன என்பதுதான் பிரச்சினை.

ஒரு வீட்டு நிலம், ஒரு குடும்பம்

நம் வட்டாரத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். பழைய ரப்பர் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இருக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். அவர் பெயரில் ஒரு வீட்டு நிலம் இருக்கிறது. பத்து ஆண்டுகளுக்கு முன் பண நெருக்கடியில் தம் தம்பியிடம் ஒரு தொகை வாங்கிக் கொண்டு, "பாதி நிலம் உனக்கு" என்று வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இப்போது நிலத்தின் விலை ஏறி விட்டது. தம்பி பாதியைக் கேட்கிறார். பெரியவர் ஈப்போவுக்கு வழக்கறிஞரைப் பார்க்கப் போகிறார். அவருக்கு மலாயும் ஆங்கிலமும் சரளமாக வராது. அதனால் மகளை அழைத்துப் போகிறார். பக்கத்து வீட்டுக்காரர் கார் ஓட்டி வந்தவர், அவரும் உள்ளே வந்து உட்கார்ந்து கொள்கிறார்.

பெரியவர், "ஆமாம், பணம் வாங்கினேன், கையெழுத்தும் என்னுடையதுதான்" என்கிறார். இது வழக்கறிஞரிடம் பத்திரமாக இருக்கும். தம்பியின் வழக்கறிஞர் கேட்டாலும் அவர் சொல்லக் கூடாது. மகள் மொழிபெயர்த்துச் சொன்னதால் பாதுகாப்பு போய் விடாது. 127ஆம் பிரிவு மொழிபெயர்ப்பாளர்களுக்கும் வழக்கறிஞரின் எழுத்தர், பணியாளர்களுக்கும் அதே கட்டுப்பாட்டை விதிக்கிறது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் மொழிபெயர்ப்பாளரும் அல்ல, அலுவலகப் பணியாளரும் அல்ல. அவர் காதில் விழுந்ததை நாளை அவரிடமே கேட்கலாம். துணைக்கு வந்தவரை வெளியே உட்காரச் சொல்வது மரியாதைக் குறைவு என்று பெரியவர் நினைத்திருக்கலாம். ஆனால் அவருடைய வழக்குக்கு அதுதான் பாதுகாப்பு.

அடுத்தது அந்த வெள்ளைத்தாள். அதன் நகல் தம்மிடமும் இருந்ததால், அதை வழக்கறிஞரிடம் கொடுத்து விட்டால் மறைந்து விடும் என்று பெரியவர் நினைக்கிறார். அப்படி இல்லை. அது வழக்கறிஞரிடம் ஆலோசனை கேட்பதற்காக எழுதப்பட்ட தாள் அல்ல, பத்து ஆண்டுகளுக்கு முன்பே பிறந்த தாள். வழக்கறிஞரின் அலமாரிக்குள் போனதால் ஒரு பழைய ஆவணத்துக்குப் புதிய பாதுகாப்பு வந்து விடாது. பெரியவர் வீட்டில் இருந்தபோது நீதிமன்றம் அதைக் கேட்டிருக்க முடியுமென்றால், வழக்கறிஞரிடம் இருக்கும்போதும் கேட்க முடியும். ஆனால் அந்தத் தாளைப் பற்றி இவர்கள் இருவரும் பேசிக் கொண்டதும், வழக்கறிஞர் எழுதிக் கொடுத்த ஆலோசனைக் கடிதமும் பாதுகாப்பானவை.

பிறகு பெரியவர் ஒன்று கேட்கிறார். "நிலத்தை மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே மகள் பெயருக்குக் கொடுத்து விட்ட மாதிரி ஒரு பத்திரம் போட முடியுமா?" இந்த இடத்தில் அவர் காலக்கோட்டைத் தாண்டி விட்டார். ரெயில்டன் கேட்டதும் இதே உதவிதான். நல்ல வழக்கறிஞர் உடனே முடியாது என்று சொல்வார். பெரியவர் வேறு எங்காவது போய் அந்த முன்தேதிப் பத்திரத்தைச் செய்து கொண்டால், முதல் வழக்கறிஞரிடம் அந்த வழியைக் கேட்ட பேச்சுக்கூட நீதிமன்றத்தில் சாட்சியமாகலாம். அதற்கு முன் அவர் நேர்மையாக ஒப்புக் கொண்ட பேச்சோ பாதுகாப்பிலேயே இருக்கும். ஒரே நாற்காலியில், ஒரே மணி நேரத்தில் பேசிய இரண்டு பேச்சுக்கு இரண்டு விதி.

வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு ஆபத்து இருக்கிறது. வழக்கறிஞர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஆலோசனையை மகள் குடும்பக் குழுவில் போட்டு விடுகிறார். அந்தக் குழுவில் தம்பியின் மகனும் இருக்கிறார். வழக்கறிஞர் இன்னமும் வாய் திறக்கக் கூடாதுதான். ஆனால் ரகசியம் என்ற தன்மையையே குடும்பம் கரைத்து விட்டது. அந்தச் செய்தி தம்பியின் கைப்பேசியில் இருந்து நீதிமன்றத்துக்குப் போகும் நாளில், அதை ரகசியம் என்று தடுப்பது மிகவும் கடினம்.

கடைசியாக, பெரியவரே நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் ஏறினால் என்ன ஆகும்? 129ஆம் பிரிவின்படி, தம் வழக்கறிஞருடன் பேசியதைச் சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் ஒருவர் தாமாகச் சாட்சியாக முன்வந்தால், அவர் கொடுத்த வாக்குமூலத்தை விளக்கத் தேவை என்று நீதிமன்றம் கருதும் அளவுக்கு மட்டும் கேட்கலாம். அதற்கு மேல் கேட்கக் கூடாது. "என் வழக்கறிஞர் இப்படித்தான் சொன்னார், அதனால்தான் செய்தேன்" என்று கூண்டில் நின்று வழக்கறிஞரைச் சாட்சிக்கு இழுப்பவர்கள் தாங்களே பூட்டைத் தட்டுகிறார்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

டாக்டர், சங்கத் தலைவர், சாமியார்?

நம் மக்கள் வழக்கறிஞரை விட அதிகமாக மனம் திறந்து பேசுவது வேறு ஆட்களிடம்தான். 126ஆம் பிரிவு அவர்களுக்குப் பொருந்தாது. மருத்துவரிடம் சொன்னது தொழில் தர்மப்படி ரகசியம். ஆனால் நீதிமன்றத்தில் அந்த ரகசியத்துக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்று 1971இல் ஹாஜி காசிம் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் தெளிவாக்கியது. நீதிமன்றம் கேட்டால் மருத்துவர் பதில் சொல்ல வேண்டும்.

தொழிற்சங்கப் பொறுப்பாளரும் அப்படித்தான். தொழிலாளர் அலுவலகத்தில் நமக்காக அவர் பேசலாம், மனு எழுதித் தரலாம். ஆனால் அவர் வழக்கறிஞர் அல்ல என்றால், அவரிடம் சொன்னதற்கு இந்தப் பிரிவின் பாதுகாப்பு கிடையாது. கோயில் குருக்கள், தேவாலயப் பாதிரியார், ஊர்ப் பெரியவர், கடிதம் எழுதித் தரும் முன்னாள் கிராணி ஆகியோருக்கும் இதே நிலைதான். அவர்கள் நம்பிக்கைக்குரியவர்களாக இருக்கலாம். அந்த நம்பிக்கை அவர்களுடைய மனசாட்சியில் நிற்கிறதே தவிர, சட்டத்தில் நிற்கவில்லை.

கணவன் மனைவிக்குத் தனிப் பாதுகாப்பு உண்டு. மணவாழ்க்கையின்போது ஒருவர் மற்றவரிடம் சொன்னதை, சொன்னவரின் சம்மதம் இல்லாமல் நீதிமன்றத்தில் வெளியிடக் கூடாது என்கிறது 122ஆம் பிரிவு. மணமுறிவுக்குப் பிறகும் இது தொடரும். ஆனால் இருவருக்கும் இடையிலான வழக்கிலும், ஒருவர் மற்றவருக்கு எதிராகச் செய்த குற்ற வழக்கிலும் இது செல்லாது. வீட்டில் அடிபட்ட மனைவியின் வாயை இந்தப் பிரிவைக் காட்டி யாரும் அடைக்க முடியாது.

லோக்காப்பில் இருக்கும்போது

கைது செய்யப்பட்டவருக்கு இந்தப் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பதைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு சொல்கிறது. விசாரிக்கத் தொடங்குமுன், வழக்கறிஞரைத் தொடர்பு கொண்டு ஆலோசனை பெறலாம் என்பதைப் போலீசார் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். வழக்கறிஞர் வந்து பேசும்போது போலீஸ் அதிகாரி பார்க்கும் தூரத்தில் நிற்கலாம். ஆனால் முடிந்தவரை அவர்கள் பேசுவது அவர் காதில் விழாதபடி ஏற்பாடு இருக்க வேண்டும். கண்ணுக்கு எட்டலாம், காதுக்கு எட்டக் கூடாது.

இதற்கும் விலக்கு உண்டு. உடந்தையாளர்கள் தப்பி விடுவார்கள், தடயம் மறைக்கப்படும், மற்றவர் பாதுகாப்புக்கு ஆபத்து என்று அதிகாரி நியாயமாக நம்பினால் இந்த வாய்ப்பைத் தள்ளி வைக்கலாம். எனவே லோக்காப்பில் இருப்பவரைப் பார்க்கப் போகும் குடும்பத்தார் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "என்னதான் நடந்துச்சு, சொல்லுடா" என்று எல்லார் முன்னிலும் அவரைக் கேட்காதீர்கள். அம்மாவிடமும் அண்ணனிடமும் சொன்னதற்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. கேட்க வேண்டியவர் வழக்கறிஞர்.

சென்னை வழக்கறிஞருக்கு வந்த சம்மன்

இந்தப் பூட்டைப் போலீசாரோ விசாரணை அமைப்போ வேறு வழியாகத் திறக்கப் பார்த்தால் என்ன ஆகும்? அண்மையில் இதற்குப் பதில் இந்தியாவில் இருந்து வந்தது. 2025 ஜூன் மாதம், சென்னையைச் சேர்ந்த மூத்த வழக்கறிஞர் அரவிந்த் தத்தாருக்கு இந்திய அமலாக்கத் துறை சம்மன் அனுப்பியது. ஒரு காப்புறுதி நிறுவனம் ஊழியர்களுக்குப் பங்கு வழங்கும் திட்டத்தைப் பற்றி அவர் கொடுத்த சட்ட ஆலோசனை தொடர்பானது அது. அவரைத் தொடர்ந்து பிரதாப் வேணுகோபால் என்ற மூத்த வழக்கறிஞருக்கும் சம்மன் போனது. வழக்கறிஞர் சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. இரண்டு சம்மன்களும் திரும்பப் பெறப்பட்டன.

குஜராத்தில் ஒரு கட்சிக்காரருக்கு ஜாமீன் வாங்கிக் கொடுத்த வழக்கறிஞருக்கே போலீஸ் நோட்டீஸ் அனுப்பிய விவகாரமும் உச்ச நீதிமன்றத்துக்கு வந்திருந்தது. நீதிமன்றம் தாமாகவே முன்வந்து இந்தப் பிரச்சினையை விசாரித்து, 2025 அக்டோபர் 31ஆம் தேதி தீர்ப்பளித்தது. வழக்கின் விவரத்தைத் தெரிந்து கொள்வதற்காக, வாதாடும் வழக்கறிஞருக்குச் சம்மன் அனுப்பக் கூடாது. குற்ற நோக்கம் போன்ற விதிவிலக்கு பொருந்துகிறது என்றால், எந்த உண்மையின் அடிப்படையில் என்று சம்மனிலேயே எழுத வேண்டும். சூப்பரிண்டெண்டண்ட் நிலைக்குக் குறையாத மேலதிகாரி அதற்கு எழுத்தில் ஒப்புதல் தர வேண்டும். வழக்கறிஞரின் கணினி, கைப்பேசி தேவைப்பட்டால் அதை நீதிமன்றத்தில்தான் ஒப்படைக்க வேண்டும். மற்ற கட்சிக்காரர்களின் ரகசியம் கசியாமல் காக்க வேண்டும்.

அதே தீர்ப்பு இன்னொன்றையும் சொன்னது. நிறுவனத்தில் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்யும் சட்ட அதிகாரிக்கு, நீதிமன்றத்தில் தொழில் செய்யும் வழக்கறிஞருக்குரிய அதே முழுப் பாதுகாப்பு இல்லை. ஆவணங்களை ஒப்படைப்பதும் பேச்சைப் போல இந்தப் பாதுகாப்புக்குள் வராது.

இந்தியாவில் இப்போது பழைய சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் வந்து, 126ஆம் பிரிவு 132ஆம் பிரிவாகி விட்டது. உள்ளடக்கம் பெரும்பாலும் அதேதான். அந்தத் தீர்ப்பு மலேசிய நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் பிரிவின் சொற்கள் ஒரே மூலத்தில் இருந்து வந்தவை என்பதால் இங்குள்ள வழக்கறிஞர்கள் அதை எடுத்துக் காட்டி வாதாட முடியும்.

பணம் கைமாறும் இடத்தில் பூட்டு பலவீனம்

நம் நாட்டில் தனியாகக் கவனிக்க வேண்டிய விலக்கு ஒன்று உண்டு. 2009ஆம் ஆண்டு மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 46ஆம் பிரிவும், பணச் சலவைத் தடுப்புச் சட்டத்தின் 47ஆம் பிரிவும், பறிமுதல் செய்யத் தக்க சொத்தின் கொடுக்கல் வாங்கல் பற்றிய தகவலை வெளியிடும்படி வழக்கறிஞருக்கு உத்தரவிட உயர்நீதிமன்ற நீதிபதிக்கு அதிகாரம் தருகின்றன. நடந்து கொண்டிருக்கும் வழக்குக்காக வழக்கறிஞருக்குத் தெரிய வந்த ரகசியப் பேச்சுக்கு மட்டும் அங்கே விலக்கு இருக்கிறது.

இதன் பொருள் எளியது. உங்கள் வழக்குக்காக நீங்கள் பேசிய பேச்சு வலுவான பூட்டுக்குள் இருக்கிறது. யாரோ ஒருவருக்காக உங்கள் பெயரில் நிலம் வாங்கி, பணத்தை வழக்கறிஞர் கணக்கு வழியாக அனுப்பினால், அந்தப் பரிவர்த்தனையின் விவரம் அதே பூட்டுக்குள் இருக்கும் என்று நம்பக் கூடாது. "சும்மா உன் பேரை மட்டும் குடு, கமிஷன் தரேன்" என்று வருபவரிடம் கையெழுத்துப் போடும் முன் இதை யோசிக்க வேண்டும்.

அலுவலகத்துக்குள் போகும்போது

முதலில் எதிரில் இருப்பவர் யார் என்று கேளுங்கள். அவர் பதிவு பெற்ற வழக்கறிஞரா, அலுவலக எழுத்தரா, அல்லது ஆள் பிடித்துத் தரும் இடைத்தரகரா? வழக்கறிஞரின் எழுத்தர் கட்டுப்பட்டவர், வெளியே நிற்கும் தரகர் அல்ல. அதே வழக்கறிஞர் நிலத்தை விற்பவருக்கும் வாங்குபவருக்கும் சேர்ந்து வேலை செய்கிறாரா என்றும் கேளுங்கள். இருவருக்கும் பொதுவானவர் என்றால், உங்கள் பக்கத்து ரகசியத்தை அவரிடம் சொல்வதற்கு முன் உங்களுக்கென்று தனி வழக்கறிஞர் தேவையா என்று முடிவு செய்ய வேண்டும்.

மொழிபெயர்க்க ஒருவரை அழைத்துச் சென்றால், அவர் மொழிபெயர்ப்பாளராகத்தான் வந்திருக்கிறார் என்பதை வழக்கறிஞரிடம் சொல்லிக் குறித்துக் கொள்ளச் சொல்லுங்கள். மற்றவர்கள் வெளியே இருக்கட்டும். கிடைக்கும் கடிதத்தையும் செய்தியையும் யாருக்கும் அனுப்பாதீர்கள். பிறகு நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், உங்களுக்குப் பாதகமானதையும் சேர்த்து. அதை முதலில் எதிர்த்தரப்பு வழக்கறிஞரிடம் இருந்து கேட்டால் உங்கள் வழக்கறிஞரால் உங்களைக் காப்பாற்ற முடியாது. சட்டம் அந்தப் பேச்சைப் பூட்டி வைத்திருப்பது அதற்காகத்தான்.